சாப்பாடு ஆச்சு, தூக்கம் ஆச்சு, தாத்தா வந்தாச்சு

பால்வாடியில் சேர்க்கப்போகிறோம் என்று வீட்டில் பேச்சு எழுந்த நாளிலிருந்தே சில குழந்தைகள் அம்மாவின் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்குவார்கள். பகலெல்லாம் புதுப் பையை மாட்டிக்கொண்டு தெருவுக்கே காட்டித் திரிந்த அதே குழந்தை, விளக்கை அணைத்ததும் "நீயும் வருவியாம்மா?" என்று கேட்கும். இல்லை என்றால் அழும். ஆமாம் என்று பொய் சொன்னால் அப்போதைக்குத் தூங்கும். முதல் நாள் காலையில் அந்தப் பொய்க்கும் சேர்த்து அழும்.

இந்தக் கேள்வி ஏன் இரவில் வருகிறது? தூக்கமே ஒரு சின்னப் பிரிவு என்பதால்தான். கண்ணை மூடினால் அம்மா முகம் மறைந்துவிடும். நாளைய பிரிவின் நினைப்பு இன்றைய பிரிவின் நேரத்தில் எழுவது இயல்பு. அதனால் பிரிவைப் பற்றிய கதையைச் சொல்வதற்கு இரவு நல்ல நேரம். கொஞ்சம் ஆபத்தான நேரமும்கூட. சரியாகக் கட்டாத கதை தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

பிரிவு பயம் பொதுவாக எட்டு மாத வாக்கில் தொடங்கும். பத்து மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை உச்சத்தில் இருக்கும். பெரும்பாலான குழந்தைகளிடம் மூன்று வயதை ஒட்டித் தணியும். தமிழ்நாட்டில் இரண்டு வயது முடிந்த குழந்தையை அங்கன்வாடியில் சேர்க்கலாம். ப்ளே ஸ்கூல்களும் ஏறக்குறைய அதே வயதில் எடுத்துக்கொள்கின்றன. ஆக, பயம் இன்னும் முழுதாக அடங்காத வயதில்தான் நாம் கையை விடுகிறோம்.

கண்ணுக்கு மறைந்த அம்மா இல்லாமல் போய்விடவில்லை என்பது இந்த வயதில் குழந்தைக்கு நன்றாகவே தெரியும். எப்போது திரும்பி வருவாள் என்பதுதான் தெரியாது. "மூணு மணிக்கு வந்துடுவேன்" என்பது இரண்டரை வயதுக்கு வெறும் சத்தம். "சீக்கிரம் வந்துடுவேன்" அதைவிட மோசம். 'சீக்கிரம்' என்று சொல்லிவிட்டு அம்மா ஒரு நாள் கடைக்குப் போய் உடனே வந்திருப்பாள், இன்னொரு நாள் இருட்டிய பிறகு வந்திருப்பாள். ஆனால் குழந்தைக்குக் கைவசம் வேறொரு கடிகாரம் இருக்கிறது. குளித்த பிறகு சட்டை. சோறு தின்ற பிறகு கை கழுவுதல். எதற்குப் பிறகு எது என்பது அதற்கு மனப்பாடம். வரிசையை மாற்றிப் பாருங்கள், அடம் பிடிக்கும்.

அமெரிக்க உளவியலாளர் கேத்தரின் நெல்சன் 1989-ல் தொகுத்து வெளியிட்ட நூல் ஒன்று இதைப் பற்றியதுதான். எமிலி என்ற குழந்தை, பெற்றோர் 'குட் நைட்' சொல்லிவிட்டு அறையை விட்டுப் போன பிறகு, தொட்டில் கட்டிலில் தனியாகப் படுத்துக்கொண்டு தனக்குத் தானே பேசியதை டேப் ரிக்கார்டரில் பதிவுசெய்தார்கள். 21 மாத வயதில் தொடங்கி மூன்று வயது வரை பதிவு நீண்டது. அந்தக் காலத்தில் எமிலிக்கு ஒரு தம்பி பிறந்தான். அவளுடைய தனிப்பேச்சு தம்பியையே சுற்றிவரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். பெரும்பாலும் அது வேறு விஷயங்களையே சுற்றியது: நாளைக்கு யார் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள், யார் வந்து எழுப்புவார்கள், முதலில் என்ன, பிறகு என்ன. இருட்டில் கிடந்தபடி அந்தக் குழந்தை மறுநாளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தது.

நாம் சொல்லவேண்டிய கதையும் அதுதான். தைரியமான சிங்கக்குட்டி வேண்டாம், மாயக் கம்பளம் வேண்டாம். ஒரு நாளின் வரிசை போதும். அந்த வரிசையில் ஒரு போதல் இருக்க வேண்டும், ஓர் இருத்தல் இருக்க வேண்டும், ஒரு திரும்பல் இருக்க வேண்டும்.

போதலைக் கதையில் விட்டுவிடத்தான் பெற்றோருக்கு ஆசை. அழவைக்கும் இடம் எதற்கு என்று அதைத் தாண்டி, நேராக பொம்மைகளுக்குப் போய்விடுவார்கள். சிக்மண்ட் ஃபிராய்ட் 1920-ல் எழுதிய நூலில் தன் பேரனின் விளையாட்டு ஒன்றை விவரிக்கிறார். ஒன்றரை வயதுப் பையன். நூல் கட்டிய மர உருளை ஒன்றைக் கட்டிலின் திரைக்கு அப்பால் வீசுவான். அது மறைந்ததும் 'போச்சு' என்பதுபோல ஒரு நீண்ட சத்தம். நூலைப் பிடித்து இழுப்பான். உருளை வந்ததும் 'இதோ' என்று குதூகலம். அம்மா வெளியே போவதை அந்தப் பையன் தன் கையால் நடத்திப்பார்க்கிறான் என்று ஃபிராய்ட் புரிந்துகொண்டார். இதில் கவனிக்கவேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. திரும்பி வருவதில்தான் மகிழ்ச்சி அதிகம் என்றாலும், பையன் அதிக முறை செய்தது வீசுவதைத்தான். போதலைத் திரும்பத் திரும்பத் தன் வசத்தில் வைத்துப் பார்ப்பது அவனுக்குத் தேவைப்பட்டது. (அந்தப் பேரன் வளர்ந்து உளப்பகுப்பாய்வாளரே ஆனார் என்பது உபரித் தகவல்.) நம் வீடுகளில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு "பாப்பா எங்கே காணோம்?" என்று விளையாடுவதும் இதே ஒத்திகைதான்.

கதையைக் கட்டுவதற்கு முன் பெரியவர்கள் ஒரு வேலை செய்ய வேண்டும். பால்வாடிக்கோ ப்ளே ஸ்கூலுக்கோ ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். பாடத்திட்டத்தைக் கேட்க அல்ல. செருப்பை எங்கே விடுகிறார்கள், பையை ஆணியில் மாட்டுகிறார்களா அலமாரியில் வைக்கிறார்களா, பிள்ளைகள் அங்கே உள்ளவர்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள், டீச்சரா, மிஸ்ஸா, ஆயாம்மாவா, மதியம் என்ன சாப்பாடு, எங்கே படுக்க வைக்கிறார்கள் என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒண்ணுக்கு, ரெண்டுக்கு வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், யார் கழுவிவிடுவார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் கேட்கக் கூச்சப்படும் இந்த விஷயம்தான் பல குழந்தைகளை உள்ளுக்குள் அரிக்கிறது. காலை முழுவதும் அடக்கிவைத்து, கடைசியில் உடுப்பிலேயே போய்விட்டு, மறுநாள் வர மாட்டேன் என்று அழும் பிள்ளைகள் உண்டு. வீட்டில் அது அம்மாவைப் பிரிந்த அழுகையாகத்தான் தெரியும்.

ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். இரண்டே முக்கால் வயதுப் பெண். ஜூனில் தெருமுனை தாண்டி உள்ள அங்கன்வாடியில் சேரப்போகிறாள். காலையில் அம்மா விட்டுவிட்டு வேலைக்குப் போவாள். மாலையில் தாத்தா சைக்கிளில் வந்து கூட்டிவருவார். அம்மா வீடு திரும்ப இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும். இந்தக் குழந்தைக்குச் சொல்லும் கதை இப்படி இருக்கலாம். வாய்விட்டுச் சொல்வதற்கானது என்பதால் பேச்சு நடையிலேயே தருகிறேன்.

ஒரு ஊர்ல மல்லின்னு ஒரு பாப்பா இருந்தாளாம். மல்லிகிட்ட ஒரு சிவப்புப் பை. பையில தண்ணி பாட்டில் இருக்கு, மாத்து டிரஸ் இருக்கு, அம்மாவோட பழைய சேலையிலேருந்து வெட்டின ஒரு குட்டித் துணி இருக்கு.

காலையில மல்லி எழுந்தா. பல்லு தேச்சா. குளிச்சா. இட்லி சாப்பிட்டா. காக்காய்க்கும் ஒரு துண்டு வச்சா.

அப்புறம் அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தா. டீக்கடையைத் தாண்டினாங்க. வேப்பமரத்தைத் தாண்டினாங்க. மரத்தடியில ஒரு ஆட்டுக்குட்டி "மே"ன்னு கத்துச்சு. மல்லியும் "மே"ன்னா. அப்புறம் ஒரு நீல கேட்டு. அதுதான் பால்வாடி.

மல்லி செருப்பைக் கழட்டி வரிசையில வச்சா. அம்மா உட்கார்ந்து மல்லியைக் கட்டிக்கிட்டாங்க. இந்தக் கன்னத்துல ஒரு முத்தம், அந்தக் கன்னத்துல ஒரு முத்தம். "அம்மா வேலைக்குப் போயிட்டு வரேன் தங்கம். சாப்பாடு ஆகும், தூக்கம் ஆகும், தாத்தா வருவாரு"ன்னாங்க. கையை ஆட்டிட்டுப் போனாங்க.

மல்லிக்கு அழுகை வந்துச்சு. அழுதா. ஆயாம்மா வந்து பக்கத்துல உட்கார்ந்தாங்க. "அம்மா வேணுமா கண்ணு? ஆமா, அம்மா வேணும்தானே"ன்னாங்க. மல்லி குட்டித் துணியை எடுத்து மூஞ்சியில வச்சுக்கிட்டா. அம்மா வாசம். இன்னும் கொஞ்சம் அழுதா. அப்புறம் மூக்கைத் துடைச்சுக்கிட்டா.

பாய் மேல கட்டைங்க இருந்துச்சு. ஒரு பையன் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிட்டிருந்தான். மல்லியும் ஒரு கட்டை வச்சா. டொம்! எல்லாம் விழுந்துடுச்சு. பையன் சிரிச்சான். மல்லியும் சிரிச்சா.

மல்லிக்கு ஒண்ணுக்கு வந்துச்சு. "ஆயாம்மா, ஒண்ணுக்கு"ன்னா. ஆயாம்மா கூட்டிட்டுப் போனாங்க, கழுவிவிட்டாங்க, ஜட்டி மாட்டிவிட்டாங்க.

அப்புறம் தட்டு வந்துச்சு. சாம்பார் சாதம். ஒரு முட்டை. மல்லி வெள்ளையைத் தின்னா, மஞ்சளை வச்சுட்டா. சாப்பாடு ஆச்சு.

பாய் விரிச்சாங்க. ஃபேன் சுத்துச்சு. மல்லி குட்டித் துணியோட படுத்தா. அம்மா இப்போ என்ன பண்ணிட்டிருப்பாங்க? அம்மா வேலை பார்த்துட்டிருப்பாங்க. அவங்களும் சாப்பிட்டிருப்பாங்க. மல்லி தூங்கிட்டா. தூக்கம் ஆச்சு.

எழுந்தா. மூஞ்சி கழுவினா. கேட்டு வெளியில என்னமோ சத்தம். டிரிங் டிரிங்! யாரது? தாத்தா! தாத்தா வந்தாச்சு!

செருப்பை மாட்டினா. பையை மாட்டினா. சைக்கிள்ல முன்னாடி ஏறி உட்கார்ந்தா. ஆட்டுக்குட்டி "மே"ன்னுச்சு. வேப்பமரத்தைத் தாண்டினாங்க. டீக்கடையைத் தாண்டினாங்க. வீடு வந்துடுச்சு.

மல்லி விளையாடினா. விளக்கு போட்டாங்க. அம்மா வந்தாங்க. "போயிட்டு வந்துட்டேன் தங்கம்"னாங்க. "நானும் போயிட்டு வந்துட்டேன்"னா மல்லி. அப்புறம் சோறு சாப்பிட்டாங்க. பாய் போட்டாங்க. அம்மா இந்தப் பக்கம், மல்லி அந்தப் பக்கம். மல்லி தூங்கிட்டா.

ஐந்து, ஆறு நிமிடத்தில் சொல்லி முடிக்கலாம். பெரியவர்கள் காதுக்கு இதில் கதையே இல்லை. குழந்தைக்கு இதைவிடப் பெரிய கதை அந்த வாரத்தில் வேறு கிடையாது.

கதாநாயகியின் பெயர் குழந்தையின் பெயராக இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். சொந்தப் பெயரைப் போட்டால் சில குழந்தைகள் அம்மா கிளம்பும் இடத்திலேயே அழத் தொடங்கிவிடும். அது கதையாக இல்லாமல் முன்னறிவிப்பாகிவிடுகிறது. வேறொரு பாப்பா என்றால் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கலாம். மூன்றாவது, நான்காவது இரவில் "என்கிட்டயும் சிவப்புப் பை இருக்கு" என்று குழந்தையே உள்ளே வந்துவிடும். அதற்காக மல்லியை முயலாகவோ அணிலாகவோ மாற்ற வேண்டியதில்லை. கனடாவில் டொரான்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பகிர்ந்துகொள்ளுதல் பற்றிய ஒரு கதையை இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்து, முடிவுகளை 2017-ல் வெளியிட்டார்கள். மனிதக் கதாபாத்திரங்கள் வந்த கதையைக் கேட்ட குழந்தைகள் பிறகு தங்கள் ஸ்டிக்கர்களை அதிகமாகப் பகிர்ந்துகொண்டன. விலங்குகள் சட்டை போட்டுக்கொண்டு பேசிய கதை அந்த அளவுக்கு உதவவில்லை. அவை நான்கிலிருந்து ஆறு வயது வரையிலான பிள்ளைகள். பேசப்பட்ட விஷயமும் வேறு. ஆனாலும் கதையிலிருந்து தன் வாழ்க்கைக்கு ஒன்றை எடுத்து வருவது குட்டிப் பிள்ளைக்குக் கடினம் என்றால், நடுவில் ஓர் அணிலை வைத்து அதை இன்னும் கடினமாக்குவானேன்?

மல்லி அழுகிறாள். இந்தக் கதையில் நான் விட்டுக்கொடுக்காத இடம் இதுதான். "மல்லி சமத்துப் பாப்பா, அழவே இல்லை" என்று சொல்லிவிட்டால், முதல் நாள் கேட்டருகே அழப்போகும் குழந்தைக்கு இரண்டு துக்கம் சேர்ந்துவிடும். அம்மா போய்விட்டாள், தானும் சமத்து இல்லை. ஆயாம்மா "அழாதே" என்றும் சொல்வதில்லை. அம்மா வேணும்தானே என்கிறாள். அழுகைக்குப் பிறகு கட்டை அடுக்குவது வருகிறது. அழுகை முடியக்கூடியது என்பதை யாரும் சொல்லாமலேயே குழந்தை பார்த்துவிடுகிறது.

அம்மா சொல்லிவிட்டுப் போகிறாள், ஒருமுறை போகிறாள். குழந்தை பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்பக்கமாக நழுவிவிடுவது நம் ஊரில் பலரும் சொல்லித்தரும் உத்தி. அன்றைக்கு அழுகை குறையும் என்பது உண்மை. ஆனால் அம்மா எந்த நிமிடமும் காணாமல் போகலாம் என்று கற்றுக்கொண்ட குழந்தை, அதன் பிறகு வீட்டில் அம்மா குளிக்கப் போனாலும் கதவைத் தட்டும். இரண்டு முத்தம், ஒரு வாக்கியம், ஒரு கையசைப்பு. கதையில் என்ன செய்தோமோ அதையே கேட்டருகேயும் செய்ய வேண்டும். கதையில் இரண்டு முத்தம் சொல்லிவிட்டு நிஜத்தில் கால் மணி நேரம் சமாதானம் பேசினால் கதைக்கு மதிப்பில்லாமல் போய்விடும்.

நடுவில் ஒரு வரி வருகிறது: அம்மா இப்போ என்ன பண்ணிட்டிருப்பாங்க? பிரிவில் குழந்தைக்குப் பெரிய வெற்றிடம் இதுதான். தன் நாள் தெரியும், அம்மாவின் நாள் தெரியாது. முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வேலைசெய்யும் இடத்தைக் காட்டிவிடுவது நல்லது. குழந்தையின் மனத்தில் அம்மாவை உட்காரவைக்க ஒரு நாற்காலி கிடைத்துவிடும். ஆனால் அம்மா அங்கே ஏங்குவதாகவோ, மல்லியை நினைத்து அழுவதாகவோ சொல்லக் கூடாது. பாசத்தைக் காட்டுவதாக நினைத்துச் சொல்வோம். அம்மாவின் வருத்தத்துக்குத் தான்தான் பொறுப்பு என்று குழந்தை எடுத்துக்கொள்ளும்.

சேலைத் துணிக்கு ஒரு வரலாறு உண்டு. பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் டொனால்ட் வினிகாட் 1950-களின் தொடக்கத்தில் எழுதிய கட்டுரையில், குழந்தைகள் விடாமல் பிடித்துக்கொள்ளும் போர்வை நுனியையும் பொம்மையையும் பற்றிப் பேசினார். அம்மாவுக்கும் வெளியுலகுக்கும் நடுவில் நிற்கும் பொருள் அது என்றார். அதைத் துவைத்து வாசனையைப் போக்கிவிட்டால் குழந்தைக்கு அதன் அர்த்தமே போய்விடலாம் என்றும் எச்சரித்தார். அம்மா இரண்டு இரவு தலையணைமேல் போட்டுப் படுத்த பருத்தித் துணியில் ஒரு கைக்குட்டை அளவு போதும். கொடுத்தனுப்பலாமா என்று பால்வாடியில் முன்பே கேட்டுவிடுங்கள். வாங்கி உயரே வைத்துவிட்டால் அதுவே இன்னொரு பிரிவாகிவிடும்.

சேரும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு தொடங்கினால் போதும். ஒரு மாதத்துக்கு முன்பே ஆரம்பித்தால் குழந்தை ஒரு மாதம் கவலைப்படும். தினமும் அதே கதையை, கூடியவரை அதே சொற்களில் சொல்லுங்கள். சொல்பவருக்கு மூன்றாம் நாளே அலுத்துவிடும். கேட்பவருக்கு அப்போதுதான் பிடிபடத் தொடங்கும். இங்கிலாந்தின் சஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று வயதுக் குழந்தைகள், வெவ்வேறு கதைகள் கேட்ட குழந்தைகளைவிடப் புதுச் சொற்களை நன்றாகக் கற்றுக்கொண்டன. அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிட்டால், கவனம் வேறொன்றுக்கு மிச்சமாகிறது.

இதை அன்றிரவின் கடைசிக் கதையாக வைக்காதீர்கள் என்பது என் யோசனை. முதலில் மல்லி கதை. பிறகு குழந்தைக்குப் பழக்கமான நரிக்கதையோ பாட்டோ. பயத்தைத் தொட்ட கதைக்கும் தூக்கத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருக்கட்டும்.

நான்கைந்து நாள் கேட்ட பிறகு "சாப்பாடு ஆச்சு, தூக்கம் ஆச்சு..." என்று சொல்லிவிட்டு நிறுத்திப் பாருங்கள். "தாத்தா வந்தாச்சு!" என்று குழந்தை முடித்தால், நாளின் அமைப்பு மனத்தில் பதிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். சில குழந்தைகள் வேறு மாதிரி முடிக்கும். "தாத்தா வரலை" என்று சொல்லிவிட்டு நம் முகத்தையே பார்க்கும். உடனே "சே, தாத்தா வருவாருடா" என்று திருத்தத் தோன்றும். அதற்கு முன் "ஐயோ, அப்புறம் மல்லி என்ன பண்ணா?" என்று ஒரு கேள்வி கேட்கலாம். "அழுதா." "அழுதாளா? யாரு பக்கத்துல இருந்தாங்க?" "ஆயாம்மா." "சரி, அப்புறம்?" பெரும்பாலும் இரண்டு மூன்று கேள்விக்குள் குழந்தையே தாத்தாவைக் கொண்டுவந்துவிடும். எப்படியும் கொண்டுவரவில்லை என்றால் சைக்கிள் மணியை நாம் அடிக்கலாம். தாத்தா வராமல் கதையை முடிக்க மட்டும் கூடாது.

நிஜத்தில் ஒரு நாள் தாத்தா தாமதமாகத்தான் வருவார். டயர் பஞ்சராகும், மழை பிடித்துக்கொள்ளும். அதனால் முதல் இரண்டு வாரம் ஒழுங்காகப் போன பிறகு, கதையில் ஒரு மழை நாளைச் சேர்த்துவிடலாம். எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள், மல்லியும் ஆயாம்மாவும் வாசலில் உட்கார்ந்து மழை பார்த்தார்கள், அப்புறம் டிரிங் டிரிங், குடையோடு தாத்தா. கூட்டிவருபவர் மாறப்போகிறார் என்றால் முந்தின இரவே கதையிலும் மாற வேண்டும்: நாளைக்கு மல்லியைக் கூப்பிட அப்பா வருகிறார், சைக்கிள் மணிக்குப் பதில் பைக் ஹாரன்.

கதையை உள்ளிருந்தே அரித்துவிடும் பழக்கம் ஒன்று நம் வீடுகளில் உண்டு. "சாப்பிடலைன்னா மிஸ்கிட்ட சொல்லிடுவேன்", "சேட்டை பண்ணா டீச்சர் அடிப்பாங்க." பூச்சாண்டிக்கும் போலீஸ்காரருக்கும் அடுத்து டீச்சரையும் அந்த வரிசையில் நிறுத்திவிடுகிறோம். பகலில் அப்படி மிரட்டிவிட்டு, இரவில் அன்பான ஆயாம்மா கதை சொன்னால் குழந்தை எதை நம்பும்? அத்தை, சித்தி, பாட்டி எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லி இதை நிறுத்திவைக்க வேண்டும். கதையைவிட இது கடினமான வேலை.

கதையால் முடியாததும் இருக்கிறது. ஜெர்மனியில் பெர்லின் முறை என்று ஒன்றை 1980-களில் உருவாக்கினார்கள். முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு வகுப்பிலேயே ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருப்பார்கள்; பிரிவே கிடையாது. நான்காம் நாள்தான் முதல் பிரிவு, அதுவும் சில நிமிடங்களிலிருந்து அரை மணி வரை. குழந்தை தேறுவதைப் பார்த்து நேரம் நீளும். நம்மூரில் பல இடங்களில் பெற்றோரை கேட்டுக்கு உள்ளேயே விடுவதில்லை. ஆனால் கேட்டுப் பார்க்கலாம். முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த சில நாள் சாப்பாடு வரை, பிறகு தூக்கம் வரை என்றால் பல அங்கன்வாடிகளில் ஒத்துக்கொள்வார்கள். அப்படி ஏற்பாடு ஆனால் கதையையும் அதற்கேற்பச் சுருக்குங்கள்: முதல் வாரக் கதையில் சாப்பாடு ஆனதும் தாத்தா வந்துவிட வேண்டும். குழந்தை நிஜத்தில் பார்ப்பதும் இரவில் கேட்பதும் ஒன்றாக இருந்தால்தான் கதைக்குப் பலன்.

எவ்வளவு நல்ல கதை சொன்னாலும் முதல் சில வாரம் கேட்டருகே அழுகை இருக்கும். அதை வைத்துக் கதை பலிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அம்மா போன பிறகு எவ்வளவு நேரம் அழுகிறாள் என்பதை ஆயாம்மாவிடம் கேளுங்கள். பத்து நிமிடத்தில் ஓய்ந்து, விளையாடி, சாப்பிடுகிறாள் என்றால் சரி. மாலையில் தாத்தாவைக் கண்டதும் மறுபடி உடைந்து அழுவதும் வழக்கம்தான். காலையிலிருந்து பிடித்துவைத்ததை அப்போதுதான் விடுகிறாள்.

கவலைப்பட வேண்டியது வேறு மாதிரி இருக்கும். நாள் முழுக்க அழுகை, சாப்பிட மறுப்பது, பழகிய கழிப்பறைப் பழக்கம் வாரக்கணக்கில் திரும்பாதது, இரவில் அலறி எழுவது. நான்கு வாரம் கடந்தும் இவை குறையாமல் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் பேசுங்கள். குறிப்பிட்ட ஒருவரைப் பார்த்து மட்டும் குழந்தை பயந்தால், உடம்பில் காரணம் தெரியாத காயம் இருந்தால், நான்கு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். அங்கே கதைக்கு வேலையில்லை, விசாரிக்க வேண்டும்.

மற்றபடி இந்தக் கதையின் ஆயுள் குறைவு. ஜூலை பிறக்கும் முன்பே ஓர் இரவு "மல்லி கதை வேண்டாம், நரி கதை சொல்லு" என்று குழந்தை சொல்லிவிடும். வற்புறுத்த வேண்டாம். காலாண்டு லீவு முடிந்தோ, ஒரு வாரக் காய்ச்சலுக்குப் பிறகோ, ஒரு தம்பி பிறந்த பிறகோ மறுபடி முந்தானையைப் பிடிப்பாள். அப்போது இரண்டு இரவு சொன்னால் போதும். சொற்களை மறந்துவிடாதீர்கள், வெள்ளையைத் தின்றாளா மஞ்சளைத் தின்றாளா என்று மாற்றிச் சொன்னால் பிடித்துவிடுவாள்.